கட்டளைக்கு ஏன் பணிகிறோம்? ஒரு தேர்வு அட்டவணையை நிரப்பும் விதம்

சென்னை அண்ணா நகரில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கும் அறைகளில் சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டியிருக்கும். பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்தவரின் அறை என்றால் அதில் ஒரு தாள் கட்டாயம் இருக்கும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயர்கள்: டெய்லர், ஃபயோல், வெபர், ஃபாலெட், மேயோ, பர்னார்ட், சைமன். தலைப்பு வரிசையில் ஆண்டு, நூல், முக்கியக் கருத்து, விமர்சனம். நிறுவனமும் நிர்வாகமும் எப்படி இயங்குகின்றன என்று நூறாண்டுக்கு மேலாக எழுதப்பட்ட கோட்பாடுகளை ஒரே பார்வையில் பிடித்துவிடுவதற்கான முயற்சி அது.

முயற்சிக்குக் காரணம் இருக்கிறது. யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்கள், தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் 150 சொற்களில் பதில் எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம். அந்த ஏழு நிமிடத்தில் நூல்களை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்க முடியாது; அட்டவணைதான் கைகொடுக்கும்.

ஆனால் மேலே சொன்ன வகை அட்டவணை ஒப்பிடுவதே இல்லை என்பதுதான் என் குறை. டெய்லருக்கு நேரே ‘நேர ஆய்வு’ என்றும் வெபருக்கு நேரே ‘படிநிலை’ என்றும் மேயோவுக்கு நேரே ‘ஹாத்தார்ன்’ என்றும் எழுதியிருக்கும். இவை ஏழு தனித்தனிக் குறிப்புகள். ஒன்றை இன்னொன்றோடு மோதவிட எந்த வழியும் அதில் இல்லை. தேர்வில் வரும் கேள்வியோ பெரும்பாலும் மோதவிட்டுத்தான் கேட்கும்: இவரும் அவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள், ஏன்?

அதைவிடப் பெரிய கெடுதலைச் செய்பவை பெயர்களுக்கு நடுவே போடப்படும் அம்புக்குறிகள். செவ்வியல் கோட்பாடு முடிந்தது, அதைத் தோற்கடித்து மனித உறவுக் கோட்பாடு வந்தது, அதற்குப் பிறகு சைமன் வந்தார் என்று ஒரு ரயில் பயணம்போல அவை காட்டும். நடந்தது அப்படியில்லை. 1937இல் லூதர் குலிக்கும் லின்டால் உர்விக்கும் ‘நிர்வாக அறிவியல் குறித்த கட்டுரைகள்’ என்று பொருள்படும் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். நிர்வாகியின் ஏழு வேலைகளைச் சுருக்கிச் சொல்லும் ‘போஸ்ட்கார்ப்’ பிரபலமானது அந்தத் தொகுப்பின் வழியாகத்தான். செவ்வியல் கோட்பாட்டின் உச்சம் என்று எல்லா அட்டவணையும் சொல்லும் நூல் அது. அதே நூலுக்குள் ஃபயோலின் கட்டுரை இருக்கிறது. ஃபாலெட்டின் கட்டுரை இருக்கிறது. ஹாத்தார்ன் ஆய்வை விளக்கி மேயோவும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. எதிரெதிர் முகாம்கள் என்று நாம் கோடு கிழிக்கும் எழுத்துகள் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஃபாலெட் 1933இல் இறந்த பிறகு அவருடைய உரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கிய இருவரில் ஒருவர் அதே உர்விக்.

வெபரின் இடமும் இப்படித்தான் குழம்புகிறது. அவர் 1920இல் இறந்துவிட்டார். ஆகவே ஆண்டு வரிசைப்படி ஃபயோலுக்குப் பக்கத்தில் உட்கார்த்தப்படுகிறார். அதிகார அமைப்பைப் பற்றிய அவருடைய எழுத்து ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தது 1946, 47 ஆண்டுகளில்தான். அதாவது, ஹாத்தார்ன் ஆய்வுகள் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து. மேயோ வெபருக்குப் பதில் சொல்ல வந்தவர் என்று எழுதுகிற மாணவர், நடக்காத ஒரு விவாதத்தை எழுதுகிறார்.

சரி, எப்படிப் போடுவது? தலைப்பு வரிசையில் கேள்விகளை எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஏழு பேரிடமும் கேட்கக்கூடிய ஒரே கேள்வி, அதற்கு ஏழு பதில்கள். அப்படிப்பட்ட நான்கைந்து கேள்விகள் போதும். அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு தகவல் பத்தி வேண்டும்: இவர் எங்கே நின்று பார்த்து எழுதினார்? டெய்லர் இரும்பாலையின் பட்டறைத் தளத்தில் நின்றவர். ஃபயோல் 1888 முதல் முப்பதாண்டுகள் ஒரு பிரெஞ்சுச் சுரங்க நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர். பர்னார்ட் நியூஜெர்சி தொலைபேசி நிறுவனத்தின் தலைவர். ஃபாலெட் பாஸ்டனில் பள்ளிக்கூடக் கட்டடங்களை மாலை வேளையில் சமூக மையங்களாக நடத்தியவர். வெபர் நாகரிகங்களையும் மதங்களையும் அரசுகளையும் ஒப்பிட்ட அறிஞர். இந்தப் பத்தியை எழுதியவுடனே, அவர்களுடைய பதில்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதில் பாதி விளங்கிவிடும்.

நான் பரிந்துரைக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே முழுதாக எடுத்துக்கொள்கிறேன். மேலே இருப்பவர் ஒரு கட்டளை இடுகிறார். கீழே இருப்பவர் ஏன் அதற்குப் பணிகிறார்?

டெய்லரின் பதிலைப் பலரும் தவறாக எழுதுகிறார்கள். ‘கூலி அதிகம் கிடைப்பதால்’ என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். மேஸ்திரியின் மனம்போன போக்கில் கட்டளை பிறக்கக் கூடாது என்பதுதான் டெய்லரின் அடிப்படை. ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளந்தால் அதைச் செய்ய எது சிறந்த வழி என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு முதலாளியும் தொழிலாளியும் அந்த அளவைக்குக் கட்டுப்பட வேண்டும். ஆக, பணிவது ஓர் ஆளுக்கு அல்ல, அளவைக்கு. இதன் விளைவாகத்தான் ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்கள் இருக்கலாம் என்றார்: வேகத்துக்கு ஒருவர், பழுதுக்கு ஒருவர், தரத்துக்கு ஒருவர் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த துறையில் மட்டும் கட்டளை இடுவார்கள். ஃபயோல் 1916இல் இதைப் பெயர் சொல்லியே மறுத்தார். ஒருவருக்கு ஒரு தலைவர்தான்; இரண்டு பேர் கட்டளையிட்டால் ஒழுங்கு கெடும் என்பது அவர் கட்சி. இருவரையும் ‘செவ்வியல்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டால் இந்தச் சண்டை கண்ணுக்கே தெரியாது.

வெபரின் பதிலும் ஆளை விலக்குகிறது. நவீன அலுவலகத்தில் நாம் பணிவது பதவிக்கு. அந்தப் பதவியை உண்டாக்கியது சட்டம். மாவட்ட ஆட்சியர் மாறினாலும் ஆட்சியரின் கையெழுத்துக்கு மதிப்பு மாறாது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்பதால் மட்டும் அதிகாரம் நிலைத்துவிடுவதாக வெபர் சொல்லவில்லை. அது நியாயமானது என்ற நம்பிக்கை பணிகிறவர்களிடம் இருக்க வேண்டும். மரபுக்குப் பணிவதையும் தனிமனித வசீகரத்துக்குப் பணிவதையும் சட்டத்துக்குப் பணிவதையும் அவர் வகை பிரித்தபோது, எந்த நம்பிக்கையால் பணிகிறார்கள் என்பதைத்தான் அளவுகோலாக வைத்தார்.

ஃபாலெட் வரும்போது அட்டவணை சுவாரசியமாகிறது. அவரும் ஆளை விலக்கச் சொன்னவர்தான். 1925இல் கட்டளை இடுவதைப் பற்றி ஆற்றிய உரையில், ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளை இடக் கூடாது, இருவருமாகச் சேர்ந்து சூழ்நிலை என்ன கேட்கிறது என்று கண்டு அதற்குப் பணிய வேண்டும் என்றார். அவரை டெய்லருக்கு எதிர்முனையில் நிறுத்துவது வழக்கம். ஆனால், கட்டளையிலிருந்து தனிமனிதரை நீக்கியது அறிவியல் மேலாண்மையின் பெரிய பங்களிப்புகளில் ஒன்று என்று அதே உரையில் அவர் பாராட்டினார். மூவரும் ஆளை விலக்கி, அவருடைய இடத்தில் வேறொன்றை வைக்கிறார்கள்: டெய்லர் அளவையை, வெபர் விதியை, ஃபாலெட் சூழ்நிலையை. வேறுபாடு எங்கே என்றால், அதைக் கண்டுசொல்லும் உரிமை யாருக்கு என்பதில். டெய்லரிடம் அது திட்ட அறையில் இருக்கும் நிபுணருக்கு. வெபரிடம், உரிய முறைப்படி முன்கூட்டியே எழுதப்பட்ட விதிக்கு. ஃபாலெட்டிடம், வேலையில் இருக்கும் இருவருக்கும் சேர்த்து. ‘மனித நேயம் மிக்கவர்’ என்று ஃபாலெட்டுக்கு நேரே எழுதி வைப்பவர்களுக்கு இந்த நூலிழை கிடைக்காது.

பர்னார்ட் 1938இல் கேள்வியையே புரட்டிப் போட்டார். கட்டளைக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர், அதைப் பெறுகிறவர். நான்கு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அவர் ஏற்பார். கட்டளை அவருக்குப் புரிய வேண்டும். நிறுவனத்தின் நோக்கத்துக்கு முரண்படவில்லை என்று தோன்ற வேண்டும். அவருடைய சொந்த நலனோடு மொத்தத்தில் ஒத்துப்போக வேண்டும். செய்து முடிக்க உடலும் மனமும் இடம் கொடுக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கட்டளையையும் எடைபோட்டுக்கொண்டேவா இருக்கிறோம்? இல்லை. கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் ஒரு வட்டம் எல்லோருக்கும் உண்டு. அன்றாடக் கட்டளைகள் அதற்குள் விழுகின்றன. நிறுவனம் தரும் பலன் கூடினால் அந்த வட்டம் விரியும், குறைந்தால் சுருங்கும். வெபர் மேலிருந்து கீழ், பர்னார்ட் கீழிருந்து மேல் என்று எளிமையாக எழுதுவது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. இருவருக்கும் ஏற்பு முக்கியம். வெபர் பேசுவது ஒட்டுமொத்த அமைப்பின் மீதுள்ள நம்பிக்கையை. பர்னார்ட் பேசுவது இந்தக் கட்டளையை, இந்த ஆளை.

சைமன் 1947இல் பர்னார்டின் வட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனார். அதிகாரம் என்பது ஒருவருடைய முடிவைப் பாதிக்கும் பல வழிகளில் ஒன்று மட்டுமே. பயிற்சி, நிறுவனப் பற்று, அறிவுரை, தகவல் ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன. நன்றாகப் பயிற்சி பெற்றவருக்குக் கட்டளை குறைவாகவே தேவைப்படும். கட்டளையாக வந்திருக்க வேண்டியது அவருக்குள்ளேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

மேயோவின் இடத்தில் பலரும் எதையாவது நிரப்பிவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு அவர் நேரடியாகப் பதில் சொன்னவர் இல்லை. ஆனால் ஹாத்தார்ன் ஆலையில் 1931, 32இல் பதினான்கு ஆண்கள் வேலை செய்த ஓர் அறையைக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்வது என்று அந்தக் குழு தனக்குள் முடிவு செய்திருந்தது. கூடுதலாகச் செய்தவர் கேலிக்கு ஆளானார். தோளுக்குக் கீழே குத்தும் விழுந்தது. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. கட்டளை இடும் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது சக ஊழியர்களின் குழு என்று இதிலிருந்து தெரிந்தது. தொழிலாளர்கள் கூடிப் பேசி வேலையைக் குறைப்பதை டெய்லரும் தம் பட்டறையில் பார்த்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே காட்சியைப் பார்த்து அவர் ‘அளவை சரியில்லை’ என்றார். ஹாத்தார்ன்காரர்கள் ‘குழுவுக்குத் தனி விதி இருக்கிறது’ என்றார்கள்.

இவ்வளவையும் சுவரில் ஒட்டும் தாளுக்குச் சுருக்கினால் இப்படி வரும்:

| யார் | எதற்குப் பணிகிறார்? | அதைக் கண்டுசொல்பவர் | எப்போது உடையும்? |
|---|---|---|---|
| டெய்லர் | அளவைக்கு | திட்ட அறை நிபுணர் | அளவையை நம்பாதபோது |
| ஃபயோல் | ஒரே தலைவருக்கு | பதவியும் தகுதியும் உள்ள மேலாளர் | இரண்டு தலைவர்கள் வரும்போது |
| வெபர் | விதிக்கும் பதவிக்கும் | முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் | நியாயம் என்ற நம்பிக்கை போகும்போது |
| ஃபாலெட் | சூழ்நிலைக்கு | இருவரும் சேர்ந்து | ஒருவர் மட்டும் தீர்மானிக்கும்போது |
| மேயோ | (குழுவின் வழக்கத்துக்கு) | குழு | குழுவும் நிர்வாகமும் முரண்படும்போது |
| பர்னார்ட் | தம் ஏற்புக்கு | கட்டளையைப் பெறுபவர் | நான்கு நிபந்தனைகளில் ஒன்று தவறும்போது |
| சைமன் | தமக்குள் ஏற்கெனவே பதிந்ததற்கும் | பெறுபவரும் பயிற்றுவித்த நிறுவனமும் | ஏற்பின் எல்லை தாண்டும்போது |

கடைசிப் பத்தியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ‘விமர்சனம்’ என்று தலைப்பு வைத்தால் ‘இயந்திரத்தனமானது’ என்று எல்லாருக்கும் ஒரே வசை வந்து விழும். ‘எப்போது உடையும்’ என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் தனிப் பதில் வேண்டியிருக்கும். சரி பார்க்க ஒரு வழி உண்டு. பெயர்ப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு, ஒரு கட்டத்தில் உள்ளதைப் படித்தால் அது யாருடையது என்று தெரிய வேண்டும். ‘திறன் உயர வேண்டும்’ போன்ற வரி யாருக்கும் பொருந்தும், அதை அடித்துவிடலாம். மேயோவின் கட்டத்தில் இருக்கும் அடைப்புக்குறியும் வேண்டுமென்றே போட்டதுதான். பிறர் ஊகித்த பதில் என்பதை அது நினைவூட்டும்.

அட்டவணை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை ஒரு நிஜமான அலுவலகத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்கு நன்கு தெரிந்த வாக்குச்சாவடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே தலைமை அலுவலராக அமர்ந்திருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறபடி, தேர்தல் அறிவிக்கை வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும்வரை அவர் தேர்தல் ஆணையத்தில் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுகிறார். ஒழுங்கு நடவடிக்கை உட்பட எல்லாம் ஆணையத்தின் கட்டுப்பாட்டில். கல்வித் துறை என்ற பழைய கயிறு அந்த நாட்களுக்கு அறுக்கப்படுகிறது. ஒரு தலைவர்தான் என்ற ஃபயோலின் விதியை வெபரின் கருவியான சட்டம் நிறைவேற்றித் தருகிறது. இருவரும் எதிரிகள் அல்லர், ஒருவருக்கொருவர் துணை என்று இங்கே எழுதலாம்.

வாக்குப்பதிவுக்கு முன் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இயந்திரத்தை இணைத்து, மாதிரி வாக்கு போட்டு, முத்திரையிட்டுப் பழகுகிறார்கள். பர்னார்டின் முதல் நிபந்தனையும் நான்காவது நிபந்தனையும் அங்கே நிறைவேறுகின்றன. சைமனின் பார்வையில் அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது: மறுநாள் சாவடியில் பக்கத்தில் எந்த அதிகாரியும் இல்லாமலே இவர் சரியான முடிவை எடுக்கும்படி கையேடு அவர் மனதுக்குள் ஏற்றப்படுகிறது.

மேயோவின் கட்டம் எதிர்பாராத இடத்தில் பயன்படுகிறது. வாக்குப்பதிவுக் குழுவில் வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவர்களைக் கலந்து, கணினிக் குலுக்கல் முறையில் கட்டம் கட்டமாகச் சேர்க்கிறார்கள். எந்தச் சாவடி என்பது கடைசியில்தான் தெரியும். ஹாத்தார்ன் அறையில் உருவானதுபோல் தனி வழக்கங்கள் கொண்ட ஒரு குழு உருவாக இங்கே நேரமே கொடுக்கப்படுவதில்லை. அலுவலகத்தில் முறைசாராக் குழுவை வளர்க்க வேண்டும் என்று மனித உறவுக் கோட்பாட்டைப் படித்துவிட்டு எழுதுகிறோம். நடுநிலையே முதல் தேவையாக இருக்கும் ஒரு வேலையில் அரசு அதே அறிவை நேர்மாறாகப் பயன்படுத்துகிறது.

ஃபாலெட்டுக்கு? வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தால், தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டுகளை வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டே வருவார். நேரம் முடிந்த பிறகு புதிதாக யாரும் பின்னால் சேர முடியாது. முன்பே வந்தவர் உரிமை இழக்கவும் மாட்டார். சூழ்நிலை கேட்பதை விதியே முன்கூட்டி யோசித்து எழுதி வைத்திருக்கிறது. அதாவது ஃபாலெட்டின் தேவை வெபரின் வழியில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆனால் இருவர் கலந்து காணும் இடம் அங்கே இல்லை என்பதால் இதை ஃபாலெட்டின் வெற்றி என்று எழுதினால் பிழை.

இந்த அட்டவணைக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். முதல் தாளில் வரும் ஃபிரெட் ரிக்ஸ் அவர்களில் ஒருவர். அவர் ஆராய்ந்தது ஒரு நிறுவனத்தை அல்ல. மாறிக்கொண்டிருக்கும் சமூகங்களில் எழுதப்பட்ட விதிக்கும் நடைமுறைக்கும் நடுவே ஏன் இடைவெளி விழுகிறது என்பதை. அவரை எட்டாவது வரியாகச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் வலிந்து எதையாவது எழுத வேண்டிவரும். அவருக்குத் தனித் தாள் வேண்டும்.

இந்தப் பத்தியை இரண்டாம் தாளுக்கும் கொண்டுபோகலாம். இந்திய நிர்வாகத்தில் கட்டளை எப்போதும் காகிதத்தில் வருவதில்லை. தொலைபேசியில் வரும், பக்கத்து அறையிலிருந்து வாய்மொழியாக வரும். வெபரின் அமைப்பில் எழுத்துதான் உயிர். அகில இந்தியப் பணி அலுவலர்களுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் பிறகு எழுத்தில் உறுதிசெய்து பெற வேண்டும் என்கின்றன. நடைமுறையில் அப்படிக் கேட்டு வாங்கத் துணிபவர் குறைவு. ஓய்வுபெற்ற அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சில முன்னாள் அதிகாரிகளும் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னபோது, வாய்மொழிக் கட்டளைகளைப் பதிவு செய்வதை வலியுறுத்தியது. பணியிடத்தில் குறைந்தபட்சக் காலம் இருக்க வழி செய்யும்படியும் சொன்னது. இரண்டும் ஏன் ஒரே தீர்ப்பில் வருகின்றன என்பதற்குப் பர்னார்டின் மூன்றாவது நிபந்தனை விடை தருகிறது. எழுத்தில் தாருங்கள் என்று கேட்டால் மறுநாள் இடமாற்றம் வரும் என்றால், கேட்பது அந்த அலுவலரின் சொந்த நலனுக்கு எதிரானது. அப்போது கேள்வி கேட்காமல் ஏற்கும் வட்டம், சட்டம் அனுமதிக்கும் எல்லையையும் தாண்டி விரிந்துவிடுகிறது. விதி ஏற்கெனவே இருந்தது. அதைப் பயன்படுத்துபவரின் நாற்காலிக்குத்தான் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது.